சுற்றுலாவில் தலையை எண்ணினால் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

பள்ளிக் கல்விச் சுற்றுலாவே வேண்டாம், பிள்ளைகளை உயிரோடு திருப்பிக் கூட்டிவர யாருக்கும் தெரியவில்லை என்று ஒரு பெற்றோர் உங்கள் கடிதப் பகுதியில் எழுதியிருந்தார். கோபம் நியாயம்தான். ஆனால் எங்கே கோட்டை விடுகிறோம் என்பதை அவர் சரியாகச் சொல்லவில்லை. புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் ஆசிரியராக இருந்து, இந்த வேலையைத் தலையில் கட்டிக்கொண்டு செய்கிறவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலில் அனுமதி. தலைமை ஆசிரியர் வழியாக முதன்மைக் கல்வி அலுவலருக்கு விண்ணப்பம் போகும். அதோடு மாணவர் பட்டியல், உடன்வரும் ஆசிரியர் பட்டியல், பெற்றோர் சம்மதக் கடிதங்கள், எத்தனை மணிக்கு எங்கே என்ற பயணத் திட்டம், பேருந்தின் ஆர்.சி., எஃப்.சி., இன்சூரன்ஸ், பெர்மிட், ஓட்டுநர் உரிமம் எல்லாவற்றுக்கும் நகல் வைக்க வேண்டும். இதெல்லாம் முறையாகத்தான் நடக்கிறது. சிக்கல் பயணத்தன்று விடிகாலையில் வரும். அந்த வண்டி வேறு சவாரிக்குப் போய்விட்டது சார், இதுவும் நல்ல வண்டிதான் என்று சொல்லி உரிமையாளர் வேறு எண் கொண்ட பேருந்தை அனுப்பிவிடுவார். பிள்ளைகள் பையோடு நிற்கிறார்கள், யாருக்குத்தான் திருப்பி அனுப்ப மனம் வரும்? ஆனால் நம் கோப்பில் இருக்கிற காகிதம் எதுவும் அந்த வண்டிக்கு உரியதில்லை. அதனால் வாசலில் வண்டி வந்து நின்றதும் எண்ணை mParivahan செயலியில் போட்டு எஃப்.சி.யும் இன்சூரன்சும் நடப்பில் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும், அவசர வழிக் கதவை ஒருமுறை திறந்து மூட வேண்டும் (பல வண்டிகளில் அதன் முன்னால் ஒரு இருக்கையைப் போட்டு அடைத்திருப்பார்கள்), நேற்றிரவு தூங்கினாரா என்று ஓட்டுநரிடமும் கேட்டுவிட வேண்டும். 2022 அக்டோபரில் கேரளத்தின் வடக்கஞ்சேரியில் ஊட்டிக்குப் போன பள்ளிச் சுற்றுலாப் பேருந்து அரசுப் பேருந்தின் பின்னால் மோதி 9 பேர் இறந்தார்கள், அவர்களில் 5 பேர் மாணவர்கள். அது நடந்தது நள்ளிரவை ஒட்டிய நேரம், வண்டி 97 கிலோமீட்டர் வேகத்தில் போயிருக்கிறது. இரவுப் பயணம் கூடாது என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான்.

இப்போது எண்ணிக்கைக்கு வருகிறேன், பெரும்பாலானோர் ஏமாறுவது இதில்தான். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் 84 பேரைத் தஞ்சாவூர்ப் பெரிய கோயிலுக்கும் அரண்மனைக்கும் கூட்டிப்போவதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் பேருந்தில் 44, இரண்டாவதில் 40. கோயிலை விட்டுக் கிளம்பும்போது முதல் பேருந்தில் எண்ணினால் 43, இரண்டாவதில் சரியாக 40. அப்படியென்றால் முதல் பேருந்துப் பையன் ஒருவன் குறைகிறான். தேடினால், கூட்டாளியோடு பேசிக்கொண்டே வந்து இரண்டாவது பேருந்தில் உட்கார்ந்திருக்கிறான். அப்பாடா என்று அவனை இழுத்துவந்து இந்த வண்டியில் ஏற்றிவிட்டுக் கிளம்புவோம். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்: அவனையும் சேர்த்துத்தானே அங்கே 40 வந்தது? அப்படியானால் இரண்டாவது பேருந்தின் சொந்தப் பிள்ளை ஒன்று இன்னும் கோயிலுக்குள்ளேயே நிற்கிறது. இரண்டு பேர் நின்று கவனமாக எண்ணியும் இது நடக்கும், ஏனென்றால் தலை எண்ணிக்கை எத்தனை என்று சொல்லுமே தவிர யார் என்று சொல்லாது.

இதற்கு நாங்கள் செய்வது எளிது. முதல் பேருந்தில் 11 பேர் கொண்ட நான்கு குழு, இரண்டாவதில் 10 பேர் கொண்ட நான்கு குழு, குழுவுக்கு ஒரு ஆசிரியர். பெண் பிள்ளைகள் குழுவுக்கு ஆசிரியை. ஒவ்வொரு பிள்ளைக்கும் குழுவுக்குள் ஒரு எண். எண்ணுவது ஆசிரியர் இல்லை, பிள்ளைகளே ஒன்று, இரண்டு என்று வரிசையாகக் குரல் கொடுப்பார்கள். ஏழு வரவில்லை என்றால் யார் வரவில்லை என்று அந்த நொடியே தெரியும், ஏழு எங்கே போனான் என்று ஆறும் எட்டும் சொல்லிவிடுவார்கள். பக்கத்து எண்காரன் "இருக்கான் டீச்சர்" என்று பதில் கொடுப்பதை மட்டும் அனுமதிக்கக் கூடாது. பேருந்து மாறி ஏறக் கூடாது, திரும்பும்போது ஐந்து நிமிஷத்துக்குக்கூட.

எங்கே எண்ணுகிறோம் என்பதும் முக்கியம். பெரிய கோயிலில் கேரளாந்தகன் வாயிலில் நுழையும் முன் ஒருமுறை, உள்ளே யாராவது பிரிந்துவிட்டால் நந்தி மண்டபத்துக்கு வந்துவிட வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். அது எந்தப் பிள்ளைக்கும் கண்ணில் படாமல் போகாது. ஆனால் வெளியே வந்த பிறகு எண்ணுவதைச் செருப்பு விடும் இடத்தைத் தாண்டித்தான் செய்ய வேண்டும். வாயிலிலேயே எண்ணிவிட்டு நகர்ந்தால் அதன்பிறகு ஒருத்தி செருப்பைத் தேடி நிற்பாள், இன்னொருவன் ஐஸ் வண்டிப் பக்கம் போவான், எடுத்த எண்ணிக்கை வீண். கழிப்பறைக்கும் இதே கணக்குதான். அப்புறம், வெயில் ஏறிவிட்டால் அந்தக் கல்தரையில் வெறுங்காலோடு நடக்க முடியாமல் பிள்ளைகள் நிழலைத் தேடி ஓடுவார்கள், குழு சிதறும். ஆகவே காலையிலேயே கோயில், மதியத்துக்கு மேல் அரண்மனை.

திட்டத்தில் இல்லாத இடத்தில் வண்டி நிற்கக் கூடாது. கல்லணை பக்கம்தானே சார், ஒரு எட்டு பார்த்துட்டுப் போயிடலாம் என்று பிள்ளைகள் கெஞ்சுவார்கள், சமயத்தில் ஓட்டுநரும் சேர்ந்துகொள்வார். 2023 பிப்ரவரியில் எங்கள் மாவட்டத்து மாணவிகள் நான்கு பேர் விளையாட்டுப் போட்டிக்குப் போன இடத்தில், மாயனூர் காவிரியில் இறங்கி மூழ்கிப் போனதை இங்கே யாரும் மறக்கவில்லை. மேலே அமைதியாகத் தெரியும் ஆற்றில் மணல் பள்ளம் எங்கே என்று கரையில் நிற்கிற ஆசிரியருக்குத் தெரியாது, குதித்துக் காப்பாற்ற அவருக்கு நீச்சலும் தெரிந்திருக்க வேண்டும். தண்ணீர் இருக்கும் இடம் திட்டத்திலேயே வேண்டாம் என்பது என் கட்சி.

பெற்றோர் விஷயத்தில் இரண்டு மட்டும் சொல்கிறேன். "எது நடந்தாலும் பள்ளி பொறுப்பல்ல" என்று சம்மதக் கடிதத்தில் எழுதி வாங்கும் வழக்கத்தை விட்டொழிக்க வேண்டும். அந்த வரியால் ஆசிரியரின் பொறுப்பு குறையப்போவதில்லை, பெற்றோருக்கு வயிற்றெரிச்சல்தான் மிச்சம். அந்த இடத்தில் பிள்ளைக்கு வலிப்பு, மூச்சிரைப்பு, ஒவ்வாமை உண்டா, என்ன மாத்திரை, திரும்பி வந்ததும் யாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று கேட்கலாம். கொடுத்திருக்கும் கைப்பேசி எண்ணுக்கு முன்தினமே கூப்பிட்டுப் பார்த்துவிட வேண்டும். பாதி எண்கள் ரீசார்ஜ் இல்லாமல் செத்துக் கிடக்கும், சில கையெழுத்துகள் பிள்ளையே போட்டது என்பதும் அந்த அழைப்பில்தான் வெளிவரும்.

இன்னொன்று, வாட்ஸ்அப் குழுவில் ஒரே ஒரு ஆசிரியர்தான் எழுத வேண்டும். ஆளுக்கொரு படம் போட்டால், தன் பிள்ளை எந்தப் படத்திலும் இல்லை என்று ஒரு அம்மா பதறிப்போய்க் கூப்பிடுவார். கிளம்பினோம், சேர்ந்தோம், சாப்பிட்டாச்சு, திரும்புகிறோம், கந்தர்வகோட்டை தாண்டிவிட்டோம் என்று ஐந்து செய்தி போதும். கடைசிச் செய்தியைப் பார்த்துப் பெற்றோர் வீட்டைவிட்டுக் கிளம்பினால் வண்டி வரும் நேரத்துக்குப் பள்ளி வாசலில் இருப்பார்கள். வாட்ஸ்அப் இல்லாத வீடுகளுக்கு, பட்டியலின் நகலோடு ஊரில் தங்கியிருக்கும் ஒரு ஆசிரியர் போன் போட்டுச் சொல்லிவிட வேண்டும்.

கல்வித்துறைக்கு ஒரு கோரிக்கை. அனுமதி ஆணை பெரும்பாலும் முந்தின நாள் மாலையில்தான் கைக்கு வருகிறது, அதுவரை உறுதி சொல்ல முடியாததால்தான் பேருந்துக்காரரும் வண்டியை வேறு சவாரிக்குக் கொடுத்துவிடுகிறார். ஒரு வாரம் முன்பே ஆணை கொடுங்கள், அதில் பேருந்து எண்ணையும் குறிப்பிடுங்கள், வேறு எண் வண்டி வந்தால் பயணத்தை நிறுத்தும் அதிகாரம் தலைமை ஆசிரியருக்கு உண்டு என்று எழுத்தில் போட்டுக்கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பட்டதாரி ஆசிரியர்,
புதுக்கோட்டை மாவட்டம்.