மேடையில் சொல்லும் 'நாம்' யார்?

ஆசிரியருக்கு வணக்கம்.

வேலை செய்யும் இடத்தில் நடக்கும் கூட்டங்களில் எந்த மதத்தின் வாசகமும் வரவே கூடாது, வந்தால் யாராவது ஒருவர் ஒதுக்கப்பட்டுவிடுவார் என்று சென்ற இதழில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவருடைய வருத்தம் எனக்கு நன்றாகவே புரிகிறது. ஆனால் அவர் சொல்லும் தீர்வு எனக்குச் சரியாகப் படவில்லை. பல்லடம் பக்கம் நூற்பாலைகளில் இருபது வருடத்துக்கு மேல் தொழிலாளர் நல அலுவலராக இருந்தவன் நான். ஐந்நூறு பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் ஆலையில் அப்படி ஒருவர் இருக்க வேண்டும் என்று தொழிற்சாலைச் சட்டம் சொன்னது. மே தினம், பாதுகாப்பு வாரம், பணி நிறைவு விழா என்று எந்தக் கூட்டம் வந்தாலும் மைக் என் கைக்குத்தான் வரும். அதில் ஒரு முறை நடந்த தவறையும், இன்னொரு முறை சரியாக அமைந்ததையும் எழுதுகிறேன்.

ஒரு மார்ச் 4, தேசியப் பாதுகாப்பு தினம். மேலதிகாரி ஒருவர் பேச்சைத் தொடங்கும்போது, "நாம் எல்லோரும் நம்புவது அன்பே சிவம். எங்கே, எல்லாரும் ஒரு தடவை சேர்ந்து சொல்லுங்க" என்றார். கூட்டம் சொன்னது. வைண்டிங் பிரிவில் பெந்தெகொஸ்தே சபையைச் சேர்ந்த ஒரு அம்மா இருந்தார். அவர் மட்டும் வாயைத் திறக்காமல் முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டு நின்றார். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள், அப்புறம் வரிசையே திரும்பிப் பார்த்தது. கூட்டம் முடிந்ததும் அவர் என்னிடம் வந்து, "மரியாதை இல்லாம நிக்கல சார். ஜெபம் மாதிரி சொல்லச் சொன்னா என்னால முடியாது" என்றார். அடுத்த கூட்டத்துக்கு அவர் வரவில்லை. தலைவலி என்று சொல்லி அனுப்பினார்.

மேலதிகாரி கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. எல்லோரையும் அணைத்துக்கொள்வதாக நினைத்துத்தான் சொன்னார். பிரச்சினை அந்த 'நாம்' என்ற சொல்லில் இருந்தது. தமிழில் நமக்கு இரண்டு சொற்கள் இருக்கின்றன. 'நாங்கள்' என்றால் கேட்பவர் வெளியே, 'நாம்' என்றால் கேட்பவரும் உள்ளே. 'நாம் நம்புவது' என்று மேடையில் சொன்ன உடனே, எதிரே நிற்கும் ஒவ்வொருவர் தலையிலும் ஒரு நம்பிக்கையைக் கேட்காமலே ஏற்றிவிடுகிறோம். 'நாங்கள் நம்புவது' என்று மாற்றினாலும் சரிப்படாது, பேசுபவர் ஒரு பக்கமும் கேட்பவர் மறுபக்கமும் ஆகிவிடுவார்கள். 'சைவர்கள் ஓதும் திருமந்திரத்தில் ஒரு வரி உண்டு' என்று உரியவர் பெயரைச் சொல்லித் தொடங்கினால், சைவருக்கு அது தன் நூல் என்ற பெருமை, மற்றவருக்கு அடுத்த வீட்டுப் பெரியவர் சொன்ன நல்ல சொல். யாருக்கும் நெருக்கடி இல்லை. பெயரை மறைத்து 'பொதுவான வாக்கு' என்று சொல்வது எனக்குப் பிடிக்காது. அது அந்த நூலைப் போற்றுபவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

அடுத்து, எந்த வரியை எடுக்கிறோம் என்பது. அன்பே சிவம் என்பதை எல்லோரும் பொதுவான வரி என்றே நினைக்கிறோம். அந்தப் பாடல் தொடங்குவதோ 'அன்பு சிவம் இரண்டு என்பர் அறிவிலார்' என்று. சிவனை வணங்குபவர்களிடையே அது ஆழ்ந்த பாடல். அன்பையும் சிவத்தையும் இணைத்தே பார்க்காத வேறு சமயத்தார் நிற்கும் இடத்தில், அவர்களை அறிவில்லாதவர்கள் என்று சொன்னது போல ஆகிவிடும். அதனால் ஒரு வரியை எடுக்கும் முன் அதற்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று படித்துப் பார்ப்பேன். கடவுள் யார் என்று சொல்லும் வரியை ஆலைக் கூட்டத்துக்கு எடுக்க மாட்டேன், மனிதன் மனிதனுக்கு என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் வரியை எடுப்பேன். பைபிளில் பவுல் கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தில் 'ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து' என்று வருகிறதே, ஷிப்டில் ஆள் குறைந்த நாளில் அதைச் சொன்னால் புரியாதவர் யாரும் இருக்க மாட்டார்கள்.

சேர்ந்து சொல்லுங்கள், எழுந்து நில்லுங்கள், கண்ணை மூடுங்கள் என்பதெல்லாம் வந்துவிட்டால் அது வாசகம் என்ற நிலை தாண்டி வழிபாடாகிவிடுகிறது. வாசகத்தை உட்கார்ந்து கேட்டாலே போதும். வழிபாட்டில் ஒன்று கலந்துகொள்ள வேண்டும், இல்லையென்றால் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒதுங்கி நிற்க வேண்டும். கேரளத்தில் யெகோவா சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள், தேசிய கீதத்துக்கு எழுந்து நின்றும் பாடவில்லை என்பதற்காகப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். மரியாதையோடு நின்றவர் பாடாமல் இருப்பது அவமதிப்பு ஆகாது என்று 1986-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. வைண்டிங் அம்மாவைத் திரும்பிப் பார்த்த அந்த வரிசைக்கு இதை எடுத்துச் சொல்லாமல் விட்டுவிட்டேனே என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

இனி சரியாக அமைந்த கூட்டம். அடுத்த வருடம் மே தினத்தில் பேச, உழைத்தவனின் வியர்வை உலரும் முன் அவன் கூலியைக் கொடுத்துவிடுங்கள் என்ற நபிமொழியை எடுத்துக்கொண்டேன். எலக்ட்ரிகல் பிரிவில் மூத்த பாய் ஒருவர் இருந்தார். இரண்டு நாள் முன்பு கேன்டீனில் டீ குடிக்கும்போது அவரிடம் எழுதிக் காட்டினேன். 'குர்ஆன் சொல்கிறது' என்று எழுதியிருந்தேன். "இது குர்ஆன் இல்ல சார், ஹதீஸ். இப்னு மாஜா தொகுப்புல இருக்கு. நபி சொல்லாததை நபி சொன்னதா சொல்றது எங்களுக்குப் பெரிய பாவம், அதனால எதுல இருக்குன்னு பார்த்துச் சொல்லுங்க" என்று திருத்தினார். நபிகள் நாயகம் என்று மரியாதையாகச் சொன்னால் போதும், வாழ்த்தை அரபியில் சொல்லிப் பார்த்துத் தடுமாற வேண்டாம் என்றும் சொன்னார். நீங்களே மேடையில் வாசியுங்களேன் என்று கேட்க நினைத்து, கேட்காமல் விட்டேன். பதினெட்டு வருடம் எலக்ட்ரீஷியனாக இருந்தவரை மேடையில் ஒரு மதத்தின் பிரதிநிதியாக நிறுத்துவது சரியாகாது என்று பட்டது.

கூட்டத்தில் சொன்னது இவ்வளவுதான்: "முஸ்லிம்கள் போற்றும் நபிமொழி ஒன்று இருக்கிறது. உழைத்தவரின் வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுங்கள் என்று நபிகள் நாயகம் சொன்னதாக வருகிறது. இந்த ஆலையில் நாம் அப்படி நடக்கிறோமா என்று பார்ப்போம்." மூன்றே வாக்கியம். 'நாம்' என்ற சொல்லை ஆலைக்கு மட்டும் வைத்துக்கொண்டேன், அங்கே அது எல்லோருக்கும் பொருந்தும். அதற்கு ஈடுகட்ட ஒரு குறளும் ஒரு பைபிள் வசனமும் சேர்க்கச் சொன்னார்கள், மறுத்துவிட்டேன். மதத்துக்கு ஒன்று என்று அடுக்கினால், கேட்பவர் யாருடையது விட்டுப்போயிற்று என்றுதான் எண்ணிக்கொண்டிருப்பார். கூட்டத்தில் ஒடிசாவிலிருந்து வந்த பையன்களும் இருந்தார்கள், அவர்களுக்குரியது எது என்று யார் தேடுவது? ஒரு கூட்டத்துக்கு ஒரு வரி, அடுத்த கூட்டத்துக்கு வேறொரு மரபிலிருந்து ஒரு வரி என்று வருடம் முழுக்கப் பார்த்தால் தானாகச் சமன்படும்.

நான் முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. வைண்டிங் அம்மா. "சார், போன மாசம் ஓவர்டைம் பண்ணினதுக்கு இன்னும் காசு வரல. வியர்வை எப்பவோ காஞ்சுபோச்சு." பாய்தான் முதலில் கை தட்டினார். மறுநாள் காலை டைம் ஆபீஸ் பதிவேட்டை எடுத்து உட்கார்ந்தோம். நாற்பத்தோரு பேருக்கு ஓவர்டைம் பாக்கி இருந்தது. அந்தச் சனிக்கிழமைக்குள் கொடுத்து முடித்தோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தொழிலாளர் நல அலுவலர்,
பல்லடம்.