வளையத்தின் நடுவில் அம்புக்குறி தலைகீழாக இருக்கிறது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் மின்சாரமும் காந்தமும் பற்றி வந்த கட்டுரையில் ஒரு வாக்கியம் இருக்கிறது. "மின்னோட்டம் பாயும் சிறு வளையமும் மின் இருமுனையும் ஒரே மாதிரியான புலத்தைத் தருகின்றன, எனவே வளையத்தை ஒரு வடமுனையும் ஒரு தென்முனையும் சேர்ந்த ஜோடியாகவே எண்ணிக்கொள்ளலாம்." பக்கத்தில் இரண்டு படங்கள். உண்மையில் அவை ஒரே படம்தான். முதலாவதில் கூட்டல் குறியும் கழித்தல் குறியும் இருக்கின்றன. இரண்டாவதில் அவற்றை எடுத்துவிட்டு வ, தெ என்று போட்டிருக்கிறார்கள். அதனால் வளையத்தின் நடுவில் அம்புக்குறி கீழ்நோக்கிப் போகிறது. அது மேல்நோக்கிப் போக வேண்டும்.

இது தங்களுக்குத் தெரியாததல்ல. தங்கள் இதழில் இயற்பியல் படித்தவர்கள் இருக்கிறார்கள் என்பதால்தான் எனக்கு வருத்தம் அதிகமாக இருக்கிறது. தெரிந்தவர்கள் கண்ணில் பட்டும் இது அச்சுக்குப் போயிருக்கிறது.

வாக்கியத்தின் முதல் பாதி, தூரத்தில் நின்று பார்க்கும்வரை சரி. மின் இருமுனைக்குத் திருப்புத்திறன் p, அதாவது மின்னூட்டத்தையும் இடைவெளியையும் பெருக்கி வருவது. வளையத்துக்குத் திருப்புத்திறன் m, அதாவது மின்னோட்டத்தையும் பரப்பையும் பெருக்கி வருவது. நெடுந்தூரத்தில் அச்சுக்கோட்டின் மேல் இரண்டின் புலத்தையும் எழுதினால் இப்படி வரும்:

E = 2p / (4πε₀ z³)
B = μ₀ · 2m / (4π z³)

நடுவரைக்கோட்டில் இரண்டுமே இதில் பாதி, திசை எதிர். தூரம் இரட்டித்தால் இரண்டுமே எட்டில் ஒன்றாகும். இடைப்பட்ட கோணங்களிலும் ஒற்றுமை அப்படியே தொடரும். அழகான ஒற்றுமை இது, மாணவர்களுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டியதுதான். ஆனால் தூரத்தில் ஒன்றுபோல் இருப்பதால் அருகிலும் ஒன்றுபோல் இருக்கும் என்று எந்த விதியும் சொல்லவில்லை.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 5 சென்டிமீட்டர் ஆரம், 100 சுற்று, 1 ஆம்பியர் மின்னோட்டம். நூறு சுற்றுக்கும் சேர்த்து m கிட்டத்தட்ட 0.785 ஆம்பியர் சதுரமீட்டர். அச்சில் 50 சென்டிமீட்டர் தள்ளி மேலே உள்ள சூத்திரம் 1.26 மைக்ரோடெஸ்லா என்கிறது. வளையத்துக்கான முழுச் சூத்திரம் 1.24 தருகிறது. நூற்றுக்கு ஒன்றரை அளவுதான் பிழை, யாருக்கும் ஆட்சேபம் இருக்காது. இப்போது 10 சென்டிமீட்டருக்கு வாருங்கள். இருமுனைச் சூத்திரம் 157 என்கிறது, உண்மையில் இருப்பது 112. வளையம் சூத்திரத்தைவிடக் குறைவாகத் தருகிறது. இதே தூரத்தில் மின் இருமுனை என்ன செய்யும்? மையத்திலிருந்து இருபுறமும் 5 சென்டிமீட்டரில் மின்னூட்டங்களை வைத்தால், அச்சில் 10 சென்டிமீட்டரில் அதன் புலம் சூத்திரம் சொல்வதைப்போல் 1.78 மடங்கு. அதாவது ஒன்று சூத்திரத்துக்குக் கீழே போகிறது, மற்றொன்று மேலே போகிறது. அருகில் வர வர இரண்டும் எதிரெதிர்த் திசையில் பிரிகின்றன.

இந்த இடத்தில் ஆய்வகத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான் வகுப்பெடுத்த காலம் முழுவதும் இதே வேதனைதான். பூமியின் கிடைத்தளப் புலம் 40 மைக்ரோடெஸ்லா என்று வைத்துக்கொண்டால், 50 சென்டிமீட்டரில் திசைகாட்டி ஊசி இரண்டு பாகைகூடத் திரும்பாது. 10 சென்டிமீட்டரில் 70 பாகை திரும்பும். எனவே மாணவர்கள் ஊசி நன்றாகத் திரும்பும் இடத்திலேயே, சுருளின் பக்கத்திலேயே, எல்லா அளவுகளையும் எடுப்பார்கள். 10 சென்டிமீட்டரிலிருந்து 20 சென்டிமீட்டருக்குப் போனால் புலம் 112-இலிருந்து 17.9-க்கு இறங்கும், அதாவது ஆறேகால் மடங்கு. எட்டு மடங்கு வராது, வரவும் கூடாது. 25-இலிருந்து 50-க்குப் போனால் ஏழரை மடங்குக்குச் சற்று மேலே வரும். இந்த வித்தியாசத்தைப் பார்த்துத்தான் நாம் இன்னும் அருகில் இருக்கிறோமா, தூரத்துக்கு வந்துவிட்டோமா என்று கண்டுபிடிக்க வேண்டும். ஆனால் செய்முறைப் பதிவேடுகளில் நான் கண்டதெல்லாம் எட்டு, எட்டு, எட்டு. ஆறேகால் என்று நேர்மையாக எழுதியவனை, "அளவு சரியில்லை, திரும்ப எடு" என்று அனுப்புவார்கள். அவன் அடுத்த பெஞ்சுக்காரனின் எட்டைப் பார்த்து எழுதிக்கொண்டு வருவான். அப்புறம் பாராட்டு கிடைக்கும். உங்கள் கட்டுரை போன்றவற்றைப் படித்துவிட்டு வருகிறவர்கள்தான் அந்தப் பதிவேடுகளைத் திருத்துகிறார்கள்.

சரி, அளவுகள் போகட்டும். திசைக்கு வருகிறேன், படம் தவறுவது அங்கேதான். மின் இருமுனையில் கோடுகள் நேர் மின்னூட்டத்தில் தொடங்கி எதிர் மின்னூட்டத்தில் முடிகின்றன. எனவே இரண்டுக்கும் நடுவில் புலம் p-க்கு எதிர்த்திசையில் இருக்கிறது. நடுவரைத் தளத்தில் மையத்திலிருந்து வெளியே எவ்வளவு தூரம் போனாலும் அதே எதிர்த்திசைதான், எங்கும் திரும்பாது. அச்சின் வழியே போனால்தான் மின்னூட்டத்தைத் தாண்டும்போது திசை மாறும்.

வளையத்தில் இது அப்படியே இடம் மாறுகிறது. அச்சின் வழியே ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, வளையத்தின் நடுவையும் தாண்டி, புலம் m-இன் திசையிலேயே இருக்கிறது. எங்கும் திரும்பாது. திரும்புவது வளையத்தின் தளத்தில், கம்பியைத் தாண்டும்போது. உள்ளே m-இன் திசை, வெளியே எதிர்த்திசை. இதைக் காண ஒரு திசைகாட்டி போதும். சுருளை நிறுத்தி வைத்து அதன் நடுவில் ஊசியை வையுங்கள். எந்தப் பக்கம் காட்டுகிறது என்று குறித்துக்கொண்டு, கம்பிக்கு அப்பால், அதே தளத்தில், சுருளை ஒட்டி வையுங்கள். ஊசி தலைகீழாகத் திரும்பி நிற்கும். நான் வகுப்பில் இதைச் செய்து காட்டாத ஆண்டே கிடையாது. கடைசி பெஞ்சிலிருந்துகூட எழுந்து வந்து பார்ப்பார்கள்.

காரணமும் சிக்கலானதல்ல. காந்தப்புலக் கோடுகளுக்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. வெளியே வளையத்தின் தளத்தைக் கடந்து கீழே வரும் ஒவ்வொரு கோடும் மூடிக்கொள்ள வேண்டும் என்றால், வளையத்துக்குள்ளேதான் மேலே ஏற வேண்டும். உங்கள் படத்தில் அவை உள்ளேயும் இறங்குகின்றன, வெளியேயும் இறங்குகின்றன. அப்படியானால் அந்தக் கோடுகள் எந்த வழியாக மேலே திரும்பிப் போகின்றன? படத்தை வரைந்தவர் இதற்குப் பதில் சொல்லட்டும்.

இதெல்லாம் வளையத்துக்குள் நடக்கிற சின்ன விஷயம், தூரத்தில் இருப்பவருக்கு என்ன என்று யாராவது கேட்கலாம். ஹைட்ரஜன் அணுவைப் பாருங்கள். அதன் அடிநிலையில் எலக்ட்ரான் பரவல் கோளச் சமச்சீராக இருப்பதால், புரோட்டானின் தூரப் புலம் எல்லாத் திசைகளிலும் சேர்ந்து தனக்குத்தானே கழிந்துவிடுகிறது. மிஞ்சுவது உள்ளே, புரோட்டான் இருக்கும் இடத்தில் உள்ள புலம் மட்டுமே. அந்த உட்புலத்தின் பங்கு வளையத்துக்கு மூன்றில் இரண்டு, m-இன் திசையில். முனை ஜோடிக்கு மூன்றில் ஒன்று, எதிர்த்திசையில். 1420 மெகாஹெர்ட்ஸில், 21 சென்டிமீட்டர் அலைநீளத்தில் வரும் ஹைட்ரஜன் நிறமாலைக் கோடு இந்த உட்புலத்திலிருந்துதான் வருகிறது. 1951-இல் ஹார்வர்டில் யூவனும் பர்செல்லும் வானத்திலிருந்து அதைப் பிடித்தார்கள். புரோட்டானின் காந்தம் முனை ஜோடியாக இருந்திருந்தால் அலைநீளம் இரு மடங்காகி 42 சென்டிமீட்டரில் வந்திருக்கும், ஆற்றல் நிலைகளும் தலைகீழாகியிருக்கும். வளையமா ஜோடியா என்ற கேள்விக்கு இயற்கை பதில் சொல்லிவிட்டது. அதற்கு நேர்மாறான பதிலைத்தான் நீங்கள் அச்சிட்டிருக்கிறீர்கள்.

என் கோபம் இந்த ஒரு கட்டுரையோடு முடிவதல்ல. முன்பு ஒரு பொதுத் தேர்வில் வளையத்தின் புலக்கோடுகளை வரையச் சொன்னார்கள். என் மாணவி ஒருத்தி நடுவில் அம்பை மேல்நோக்கி வரைந்தாள். விடைக்குறிப்பில் இருந்த படமோ மின் இருமுனைப் படத்தின் நகல். மதிப்பெண் போய்விட்டது. மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பித்தோம், "விடைக்குறிப்பின்படி சரியாகவே திருத்தப்பட்டுள்ளது" என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. சரியாக வரைந்த பிள்ளையிடம் நான் என்ன சொல்லித் தேற்றுவது?

தங்களுக்கும் நான் முன்பே எழுதியிருக்கிறேன். இருமுனைப் புலம் தூரத்தின் இருமடிக்கு எதிர்விகிதம் என்று தங்கள் கேள்வி பதில் பகுதியில் வந்தபோது, மும்மடி என்று காரணத்தோடு எழுதி அனுப்பினேன். இரண்டு எதிரெதிர் மின்னூட்டங்களின் இருமடிப் பகுதிகள் ஒன்றையொன்று கழித்துக்கொள்கின்றன, மிச்சம்தான் மும்மடி என்று விளக்கமும் கொடுத்திருந்தேன். என் பெயரை அச்சிட்டீர்கள், பாராட்டு வரியை அச்சிட்டீர்கள், திருத்தத்தை மட்டும் விட்டுவிட்டீர்கள். படித்தவர்கள் நான் அந்தப் பதிலை ஆமோதித்ததாக நினைத்துக்கொண்டார்கள். இடப் பற்றாக்குறை என்றால் பாராட்டை வெட்டியிருக்கலாம், அதற்காக நான் எழுதவில்லை.

அடுத்த இதழில் அந்த இரண்டாவது படத்தை மட்டும் திருத்தி வெளியிடுங்கள். வ, தெ இரண்டையும் எடுத்துவிட்டு ஒரு வளையம் வரையுங்கள். அதன் நடுவே உள்ள அம்பை மேல்நோக்கித் திருப்புங்கள். வெளிக்கோடுகளைத் தொட வேண்டாம், அவை சரியாகத்தான் இருக்கின்றன. படத்துக்குக் கீழே "தூரம் வளையத்தின் ஆரத்தைப்போல் பத்து மடங்குக்கு மேல் இருக்கும்போது மட்டுமே ஒப்பீடு பொருந்தும்" என்று ஒரு வரி சேர்த்தால் போதும். முன்பு விடுபட்ட மும்மடித் திருத்தத்துக்கும் அதே பக்கத்தில் இடம் கிடைத்தால் நன்றி.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்