உம் கொட்டுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் பள்ளி ஆசிரியர் ஓய்வறையில் மதிய வேளையில் உடன் அமர்ந்து உண்ணும் மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம். நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும் என்பதால் முதலிலிருந்து சொல்லப்போவதில்லை. புறணி பேசியவருக்காகவும் இதை எழுதவில்லை. அவர் ஒருவர். கேட்டுக்கொண்டிருந்த நாம் பதினொரு பேர். மடல் நமக்குத்தான்.

நம் அறிவியல் ஆசிரியை மூன்று வார மருத்துவ விடுப்பு முடிந்து பணிக்கு வந்து நாற்பது நாளாகிறது. முதல் நாள் காலை வருகைப் பதிவேட்டில் கையெழுத்திடக் குனிந்தவரிடம், "என்ன டீச்சர், ஜவுளி எல்லாம் எடுத்து முடித்தாயிற்றா?" என்று கேட்டார் ஒருவர். நான்கு பேர் சிரித்தோம். என்ன ஜவுளி என்று அவருக்குப் புரியவில்லை. நம் முகங்களைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். அன்று முதல் மதிய உணவை ஆய்வகத்தில்தான் சாப்பிடுகிறார்.

போன வாரம் அங்கே போய்ப் பார்த்தேன். பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் உப்புப் பகுப்பாய்வு செய்து முடித்துப் போயிருந்தார்கள்; அம்மோனியா நெடி கண்ணைக் கரித்தது. மேசையெல்லாம் அமிலக் கறை என்பதால் டிபன் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். ஆய்வக முக்காலிகளுக்கு முதுகு சாயப் பலகை கிடையாது. சிகிச்சைக்குப் பிறகு சாயாமல் உட்காருவது அவருக்குக் கடினம். ஒரு கையை மேசை விளிம்பில் ஊன்றிக்கொண்டு மறு கையால் தயிர்ச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சாய்மானமுள்ள அவருடைய நாற்காலி நம் அறையில் ஜன்னலோரம் இருக்கிறது. அதன்மேல் நாம் விடைத்தாள் கட்டுகளை அடுக்கி வைத்திருக்கிறோம்.

இது எப்படித் தொடங்கியது? அவர் விடுப்பில் போன இரண்டாம் வாரம். அவருடைய வகுப்புகளை நாம் பங்கிட்டு எடுத்துக்கொண்டிருந்தோம். எனக்கு அந்த வாரம் ஓய்வுப் பாடவேளை ஒன்றுகூட மிஞ்சவில்லை. சாப்பாட்டு நேரத்தில் ஒருவர் கதவுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மருத்துவச் சான்று வாங்குவது பெரிய காரியமா? ஜவுளிக்கடையில் பார்த்ததாக என் நாத்தனார் சொன்னாள். நான் சொன்னதாக இருக்க வேண்டாம்" என்றார். சிவப்பு மையில் மதிப்பெண் கூட்டிக்கொண்டிருந்த நான் தலை நிமிராமலே "உம்" என்றேன்.

இரண்டு நாள் கழித்து அலுவலக எழுத்தர் என்னிடம் கேட்டார்: "நீங்களும் கடையில் பார்த்தீர்களாமே?"

என் ஒற்றை "உம்" சாட்சிக் கையெழுத்தாகிவிட்டது. பாட்டியிடம் கதை கேட்ட நமக்கெல்லாம் இது தெரியும். உம் கொட்ட ஆள் இருந்தால்தான் கதை நகரும்; உம் நின்றால் "தூங்கிவிட்டாயா?" என்று பாட்டியும் நிறுத்திவிடுவாள். 1991-ல் டோனா ஈடர், ஜேனட் என்கே என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்கப் பள்ளி மாணவர்களின் வம்புப் பேச்சை ஆராய்ந்து ஏறக்குறைய இதையேதான் எழுதினார்கள். ஒருவர் குறை சொன்னதும் அடுத்து வாய் திறப்பவர் என்ன சொல்கிறார் என்பதில்தான் பேச்சின் போக்கு இருக்கிறது. அவர் ஆமோதித்துவிட்டால் பிறகு மறுப்பது கடினம். உடனே மறுத்தால் பேச்சு திசை மாற இடமுண்டு. அவர்கள் ஆராய்ந்தது வளரிளம் பிள்ளைகளை. நாம் பி.எட். முடித்தவர்கள்.

ஆகவே நான் கேட்பது ஒன்றுதான்: இல்லாதவரைப் பற்றிப் பேச்சு எழும்போது உம் கொட்டாதீர்கள். "அப்படியா?" என்றும் கேட்காதீர்கள். அது இன்னொரு கரண்டி பரிமாறச் சொல்வது.

இதைவிடப் பெரிய தவறு ஒன்றையும் செய்தேன். உம் கொட்டிய குற்ற உணர்வில், அடுத்த முறை அவருக்காக வாதாடக் கிளம்பினேன். "அப்படியெல்லாம் இல்லை சார், அவருக்கு உண்மையாகவே..." என்று அவர் என்னிடம் மட்டும் சொல்லியிருந்ததை அவையில் போட்டுடைத்தேன். ஜவுளிக்கடைப் பேச்சு அன்றைக்கு மட்டும் நின்றது. மாலைக்குள் எந்த மருத்துவமனை, எவ்வளவு செலவு, வீட்டுக்காரர் என்ன சொன்னார் என்ற ஆராய்ச்சி தொடங்கிவிட்டது. பரிந்து பேசுவதற்குக்கூட அவருடைய அந்தரங்கத்திலிருந்து எடுத்துக் கொடுக்க எனக்கு உரிமை இல்லை. "அது எனக்குத் தெரியாது" என்பதோடு நிறுத்தியிருக்க வேண்டும்.

"பெரியவர்கள் பேசும்போது முகத்தில் அடித்தாற்போல் எப்படிச் சொல்வது?" என்று நீங்கள் கேட்பது நியாயம். முகத்தில் அடிக்க வேண்டாம். "புறம் பேசுவது பாவம்" என்று உபதேசமும் வேண்டாம்; அடுத்த நாள் பேச்சு நம்மைப் பற்றி இருக்கும். அந்த வாரக் கடைசியில் மீண்டும் ஆரம்பித்தபோது நான் சொன்னது இவ்வளவுதான்: "அக்கா, அது எனக்குத் தெரியாது. பத்தாம் வகுப்பு ஆ பிரிவில் ஒளியியல் பாதியில் நிற்கிறது. அதை யார் முடிப்பது என்று வாருங்கள், தலைமையாசிரியரிடம் கேட்போம்." அவர், "எனக்கென்ன, கேட்டதைச் சொன்னேன்" என்று டிபன் பெட்டியை மூடினார். ஆனால் அன்று மாலை என்னுடன் தலைமையாசிரியர் அறைக்கும் வந்தார். அவருடைய உண்மையான குறை கூடுதல் வகுப்புச் சுமை. அதைக் கேட்பார் இல்லாததால், போகாத ஜவுளிக்கடைக்கு நம் ஆசிரியையைப் போக வைத்தார்.

இங்கே தலைமையாசிரியர் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. மாற்று வகுப்புகளைச் சுழற்சி முறையில் எழுதி முதல் நாளே ஒட்டிவிட்டால் இந்தப் புகைச்சலில் பாதி எழாது. விடுப்பு விண்ணப்பங்கள் காரணத்தோடு உங்கள் மேசையில் விரித்துக் கிடக்கின்றன. கையெழுத்திட வருபவரெல்லாம் படித்துவிட்டுப் போகிறார்கள். அந்த மேசைக்கு நேர் எதிரே கரும்பலகையில் நாளொரு திருக்குறள் எழுதுகிறோம். புறங்கூறாமை அதிகாரமும் வந்து போனது, அழகான கையெழுத்தில். அந்தப் பத்துக் குறளும் பேசுகிறவனைப் பற்றியவை. கேட்கிறவனை வள்ளுவர் விட்டுவிட்டார் என்று நாம் நிம்மதியாகச் சாப்பிடுகிறோம்.

மன்னியுங்கள், கோபத்தில் எங்கோ போய்விட்டேன். இல்லாதவரைப் பற்றி வாயே திறக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. உடம்பு எப்படி இருக்கிறது, எப்போது வருவார், வகுப்பை யார் பார்ப்பது என்றெல்லாம் பேசத்தான் வேண்டும். ஒருவர் பிள்ளைகளிடம் தவறாக நடந்தால் அதை மூடி மறைக்கவும் கூடாது; நேரே தலைமையாசிரியரிடம் போக வேண்டும். ஆனால் கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டுத் தொடங்கும் பேச்சு எந்த வகை என்பது நம் எல்லோருக்கும் தெரியும். அதற்குத்தான் சொல்கிறேன், தயவுசெய்து உம் கொட்டாதீர்கள்.

இந்த மடலும் இல்லாத ஒருவரைப் பற்றியதுதானே என்று யாராவது கேட்கக்கூடும். அனுப்பும் முன் அவரிடம் முழுவதும் படித்துக் காட்டினேன். இரண்டு வரிகளை அடிக்கச் சொன்னார்; அடித்துவிட்டேன். முக்காலியைப் பற்றியது இருக்கட்டும் என்றார்.

திங்கட்கிழமை மதியம் அவரை அழைத்துவர நான் ஆய்வகத்துக்குப் போகிறேன். வருவதாகச் சொல்லியிருக்கிறார். அதற்குள் ஜன்னலோர நாற்காலியிலிருந்து விடைத்தாள் கட்டுகளை எடுத்துவிடுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன். அவற்றில் இரண்டு கட்டுகள் என்னுடையவை. அவற்றை இன்றே எடுத்துவிட்டேன்.

இப்படிக்கு,
உங்களுடன் உம் கொட்டிய கணித ஆசிரியை