அம்பலத்துக்கு எழலாம், அவைக்குத் தலைவர்தான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிராமசபையில் யாரை முதலில் விளிப்பது என்று மேடையிலேயே தடுமாறுபவர்களைப் பல ஆண்டுகள் பார்த்தவன் நான். ஊராட்சி செயலராக இருந்து ஓய்வுபெற்றவன். எங்கள் சிவகங்கைப் பக்கத்தில் ஊருக்கு இரண்டு பெரியவர்கள் உண்டு. ஒருவர் வழிவழியாக வரும் அம்பலம், மற்றவர் ஓட்டு வாங்கி வந்த ஊராட்சி மன்றத் தலைவர். குழப்பமே இங்கேதான்.

2022 அக்டோபர் 2 கிராமசபை நினைவிருக்கிறது. தலைவர் ஒரு பெண். கூட்டம் தொடங்கிய பிறகு அம்பலம் வந்தார். சனம் மொத்தமும் எழுந்தது. சிலர் தோள்துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்கள். தலைவரும் பழக்கத்தில் நாற்காலியை விட்டுப் பாதி எழுந்துவிட்டார். பிறகு சுதாரித்து, உட்கார்ந்தபடியே கைகூப்பி, "வாங்கய்யா, முன்னால உக்காருங்க" என்றார். அதுதான் சரி. 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டப்படி கிராமசபைக்குத் தலைமை தாங்குபவர் அவர். தலைமையில் இருப்பவர் உட்கார்ந்தே வணங்குவதில் குறை ஏதும் இல்லை.

அடுத்துப் பேச வந்தவர், "மரியாதைக்குரிய அம்பலம் அவர்களே" என்று ஆரம்பித்து, பிறகு தலைவரின் கணவரை "தலைவர் அண்ணன்" என்றார்! தலைவர் அந்த அம்மா. "தலைவர் அவர்களே" என்பதுதான் முதல் விளி. அதற்குப் பிறகு அதிகாரிகள், "அம்பலம் ஐயா", ஊர்ப் பெரியவர்கள். கணவருக்கு அந்த அவையில் தனி விளி எதற்கு? ஊராரில் அவரும் ஒருவர்.

பொன்னாடையிலும் தடுமாற்றம்தான். ஆண் தலைவருக்குத் தோளில் போர்த்துகிறோம். பெண் தலைவருக்கு ஆண்கள் போர்த்தப் போய் இருவருமே கூச்சப்படுவதைக் கண்டிருக்கிறேன். பெண் ஒருவரைப் போர்த்தச் சொல்லலாம், இல்லாவிட்டால் மடிப்புக் கலையாமல் இரு கையாலும் கொடுத்துவிடலாம்.

துண்டைப் பற்றி ஒன்று. அதைத் தோளிலிருந்து இறக்குவதைப் பணிவு என்கிறார்கள். ஒரு காலத்தில் சிலரை மட்டும் கட்டாயப்படுத்தி இறக்க வைத்த துண்டு அது. நெஞ்சுக்கு நேரே கைகூப்பினால் போதாதா? கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் ஊராட்சித் தலைவர் ஒருவரே தரையில் உட்கார வைக்கப்பட்ட படம் 2020இல் வெளிவந்ததே! நாற்காலி விஷயத்தில் கண்ணை மூடிக்கொண்டு, விளியில் மட்டும் "மாண்புமிகு" சேர்ப்பது வெறும் வாய்ப்பேச்சு. ஊராட்சித் தலைவருக்கு அந்த அடைமொழி வழக்கமும் இல்லை.

அம்பலத்தின் மரியாதையைக் குறைக்கச் சொல்லவில்லை. அது கோயிலில் இருக்கிறது. நான் சொன்ன அதே ஊரில், அடுத்த திருவிழாவில் அவருக்குத்தான் முதலில் பரிவட்டம் கட்டினார்கள். தலைவரம்மா வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் தாம்பூலம் வாங்கிக்கொண்டு போனார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஊராட்சி செயலர்,
சிவகங்கை மாவட்டம்