தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்,

எங்கள் வார்டில் வீடு வீடாகப் போய்க் கொசுப்புழு இருக்கிறதா என்று பார்க்கும் வேலை என்னுடையது. மழை தொடங்கிவிட்டது, அதனால் ஒரே ஒரு விஷயத்தை அவசரமாகச் சொல்லிவிடுகிறேன். பானையிலும் பழைய டயரிலும் தேங்கிய தண்ணீரைக் கொட்டினால் மட்டும் டெங்குக் கொசு ஒழியாது, உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவியே ஆகவேண்டும்.

ஏன் என்றால், டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெரும்பாலும் தண்ணீரின் மேல் முட்டையிடுவதில்லை. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஈரமாக இருக்கும் பானைச் சுவரில் ஒட்டிவைத்துவிட்டுப் போகும். கடுகில் பாதிகூட இருக்காது, கருப்பாக, கரி ஒட்டின மாதிரி தெரியும், அழுக்கு என்றுதான் நினைப்போம். தண்ணீரைக் கவிழ்த்தாலும் அது அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும், காய்ந்த பிறகும் மாதக்கணக்கில் சாகாது.

கொல்லைப்புறத்தில் கிடக்கும் விளிம்பு உடைந்த மண்பானையையே எடுத்துக்கொள்ளுங்கள். கோடையில் கவிழ்த்துக் கொட்டியாயிற்று, சுக்காகக் காய்ந்தும் போயிற்று, சரி, இனி கவலையில்லை என்று நிமிர்த்தி வைத்துவிடுகிறோம். ஐப்பசி மழையில் தண்ணீர் அந்தப் பழைய தண்ணீர்க் கோடு வரை ஏறினதும் முட்டை பொரிய ஆரம்பித்துவிடும், புதிதாக ஒரு கொசுவும் வர வேண்டியதில்லை. புழு, கூட்டுப்புழு என்று மாறி ஏழிலிருந்து பத்து நாளில் கொசுவாகப் பறந்துவிடும். வாரம் ஒருமுறை கழுவச் சொல்வது இதற்குத்தான். தேங்காய் நாரும் சோப்புத்தூளும் போதும், தண்ணீர்க் கோட்டுக்கு மேலேயும் கீழேயும் அழுத்தித் தேய்த்துவிட்டு, கழுவின தண்ணீரை மண்தரையில் ஊற்றுங்கள், சாக்கடையில் வேண்டாம்.

டயர் இதைவிட மோசம். உள்மடிப்பில் நிற்கும் தண்ணீர் எப்படிச் சாய்த்தாலும் முழுக்க வெளியே வராது, உருட்டினால் அதுவும் கூடவே உருளும். டார்ச் அடித்துப் பாருங்கள், தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருக்கும் புழுக்கள் வெளிச்சம் பட்டதும் நெளிந்து அடிக்கு ஓடும். தகரக் கூரை பறக்காமல் இருக்க மேலே போட்டு வைத்த டயரை யாருமே ஏறிப் பார்ப்பதில்லை, அங்கேதான் எனக்குப் புழு நிறையக் கிடைக்கிறது. அந்த டயரில் தண்ணீர் நிற்கும் பக்கம் இரண்டு மூன்று இடத்தில் பெரிய ஓட்டை போடுங்கள், அல்லது எடுத்துவிட்டுச் செங்கல் வையுங்கள். பஞ்சர் கடைக்காரர்கள் தயவுசெய்து டயர்களை மழை படாத இடத்தில் அடுக்குங்கள். தார்ப்பாய் மூடினால் அதன் பள்ளத்தில் தண்ணீர் நிற்காதபடி இழுத்துக் கட்ட வேண்டும்.

புகை அடிக்க ஏன் வரவில்லை என்று தினமும் கேட்கிறார்கள். புகை பறக்கிற கொசுவைத்தான் கொல்லும், பானையில் இருக்கும் புழுவை ஒன்றும் செய்யாது. நாங்கள் ஊற்றும் அபேட் மருந்து புழுவைக் கொல்லும், ஆனால் சுவரில் காய்ந்து ஒட்டியிருக்கும் முட்டையை விட்டுவிடும். அதைத் தேய்த்துத்தான் எடுக்க முடியும். அப்புறம், நாங்கள் வரும்போது மொட்டை மாடிக்கும் கொல்லைக்கும் போக விடுங்கள். வாசலோடு திருப்பி அனுப்பினால் அந்த வீட்டுக் கொசு பக்கத்து வீட்டுக் குழந்தையையும் கடிக்கும்.

இப்படிக்கு,
ஒரு வார்டு சுகாதாரப் பணியாளர்