அப்போஸ்டில் எல்லா நாட்டுக்கும் செல்லாது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற வாரம் வெளிநாட்டு வேலை பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையில், "சான்றிதழில் ஒரு அப்போஸ்டில் வாங்கிவிட்டால் எந்த நாட்டிலும் செல்லும்" என்று ஒரு வரி இருந்தது. சான்றிதழில் உள்ள கையெழுத்து உண்மையானது என்று வெளிநாட்டுக்குக் காட்ட நம் வெளியுறவு அமைச்சகம் தரும் சான்றுதான் அப்போஸ்டில். உங்கள் கட்டுரை சொன்னதையே ஒரு ஏஜென்ட் சொல்லக் கேட்டு நம்பியதால்தான் என் மகள் நான்கு மாதம் கணவரைப் பிரிந்து எங்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தாள்.

மருமகன் ஷார்ஜாவில் வேலை பார்க்கிறார். குடும்ப விசாவுக்குத் திருமணச் சான்றிதழ் கேட்டார்கள். ஏஜென்ட் அதை வாங்கிப்போய், மாநில அரசின் சான்றொப்பத்தோடு பின்பக்கம் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் ஸ்டிக்கரும் ஒட்டிக் கொடுத்தார். அங்கே கொண்டு போனால், "எங்கள் தூதரக முத்திரை எங்கே?" என்று திருப்பிவிட்டார்கள்.

அப்போஸ்டில் 1961 ஹேக் ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகளுக்குள் மட்டும் செல்லும் ஏற்பாடு. இந்தியா 2005-இல் சேர்ந்தது. ஐக்கிய அரபு அமீரகம் சேரவில்லை. அதனால் மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், இந்தியாவில் உள்ள அமீரகத் தூதரகம், கடைசியாக அங்குள்ள வெளியுறவு அமைச்சகம் என்று வரிசையாக முத்திரை விழ வேண்டும். பக்கத்திலேயே இருக்கும் சவூதி 2022-இல் சேர்ந்துவிட்டதால் அங்கே அப்போஸ்டில் போதும். ஜெர்மனி உறுப்பு நாடுதான். ஆனால் இந்தியா சேர்ந்ததற்கு ஆட்சேபம் சொன்ன நாடு என்பதால், நம் அப்போஸ்டில் அங்கே எடுபடாது. இதையெல்லாம் உங்கள் நிருபர் அறியாதவராக இருக்க முடியாது. பிறகு ஏன் அந்த வரி?

சொல்ல ஆரம்பித்தால் மனம் ஆறவில்லை. பாஸ்போர்ட்டில் மகளின் பெயரோடு அப்பா பெயர் முழுதாக இருக்கிறது. சார்பதிவாளர் அலுவலகச் சான்றிதழிலோ இனிஷியல் மட்டும். பதிவன்று அங்கே ஒருவரும் பாஸ்போர்ட்டைப் பார்க்கவில்லை. எத்தனை முத்திரை விழுந்தாலும் அது கையெழுத்துப் போட்ட அதிகாரி உண்மையானவர் என்று மட்டுமே சொல்லும், உள்ளே இருக்கும் பெயரைத் திருத்தாது. பெயரைத் திருத்திப் புதுச் சான்றிதழ் வாங்கி, முதல் முத்திரையிலிருந்து மறுபடி தொடங்கினோம்.

அதற்கும் முன்னால் மகனின் பட்டச் சான்றிதழ். பத்திரமாக இருக்கட்டும் என்று நானே லேமினேஷன் செய்து வைத்திருந்தேன். பிளாஸ்டிக் மேல் முத்திரை நிற்காது என்றார்கள். கடைக்காரர் சூடுகாட்டி உரித்தபோது ஓரத்தில் காகிதமும் சேர்ந்து வந்தது. பல்கலைக்கழகத்தில் நகலுக்கு விண்ணப்பித்து அலைந்தோம். லேமினேஷன் செய்யாதீர்கள் என்று அன்று ஒரு பத்திரிகையாவது எழுதியிருந்தால் அந்தக் காகிதம் கிழிந்திருக்காது.

நான் கேட்பது அதிகமில்லை, ஐயா. அடுத்த இதழில் அந்த வரியைத் திருத்தி, போகிற நாடு ஒப்பந்தத்தில் இருக்கிறதா, நம் அப்போஸ்டிலை ஏற்கிறதா என்று அந்த நாட்டுத் தூதரகத்திடம் கேட்டுக்கொண்டு பணம் கட்டுங்கள் என்று நான்கு வரி போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
தென்காசி