தொலைபேசிப் பதிலும் காப்பீட்டுத் தொகையும்

ஐயா,

ஆயுள் காப்பீட்டுக் கோரிக்கைகள் மறுக்கப்படுவது பற்றிய தங்கள் செய்தியைப் படித்தேன். பாலிசி தருமுன் நிறுவனம் தொலைபேசியில் உயரம், எடை, புகை, மது, சர்க்கரை மாத்திரை, பழைய சிகிச்சை எல்லாம் கேட்டுப் பதிவு செய்கிறது. பாம்பனில் என் பக்கத்து வீட்டு மீனவர், முகவர் சொன்னபடி எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்றார். சர்க்கரை மாத்திரையோ தினமும் சாப்பிட்டவர். இரண்டாம் ஆண்டில் அவர் இறந்ததும் அந்தப் பதிவையும் மருத்துவமனைச் சீட்டையும் ஒப்பிட்டுப் பணத்தை மறுத்துவிட்டார்கள். காப்பீட்டுச் சட்டம் 45ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டுகளுக்குள் இப்படிக் கேள்வி எழுப்பலாம்.

சரி, பதிவு இருக்கட்டும். அந்தக் கேள்வி பதில்களைத் தமிழில் அச்சிட்டு பாலிசியோடு கட்டாயம் அனுப்ப வேண்டும். பாலிசியைத் திருப்பித் தரும் 30 நாள் அவகாசத்துக்குள் தவறான பதிலைத் திருத்தவும் வழி வேண்டும்.

– ஒரு வாசகர், பாம்பன்